ராத்தே சாலை, 1940: வண்டியை நம்பிய படையும் கூடாரத்தை நம்பிய படையும்

ஃபின்லாந்துக்கும் சோவியத் யூனியனுக்கும் 1939 நவம்பர் 30 அன்று தொடங்கிய குளிர்காலப் போரைப் பற்றிப் பேசும் பலரும், வெள்ளை அங்கி அணிந்து சறுக்குப்பலகையில் பாயும் ஃபின்லாந்து வீரனைத்தான் முதலில் சொல்வார்கள். அந்தப் படம் பொய்யல்ல. ஆனால் ராத்தே சாலையில் இரண்டு படைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முடிவைத் தீர்மானித்தது பலகையைவிட ஒரு கூடாரமும் அதன் நடுவில் இருந்த அடுப்பும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

களம் எளிமையானது. சோவியத் எல்லையிலிருந்து ஃபின்லாந்தின் சுவோமுஸ்ஸல்மி என்ற ஊரை நோக்கிக் காட்டுக்குள் ஒற்றைச் சாலை ஓடுகிறது. அந்த ஊர்ப்பக்கத்தில் சிக்கிய சோவியத் 163ஆவது டிவிஷனுக்கு உதவ, உக்ரைன் பகுதியிலிருந்து வந்த 44ஆவது டிவிஷன் டாங்கிகள், லாரிகள், பீரங்கிகள், குதிரைகளோடு அந்தச் சாலையில் நுழைந்தது. டிசம்பர் கடைசியில், கேப்டன் மாக்கினென் தலைமையில் ஃபின்லாந்தின் இரண்டே கம்பெனிகள் இரு ஏரிகளுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அதை மறித்தன. தலைப்பகுதி நின்றதும் பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் இருபது கிலோமீட்டருக்கும் மேல் வரிசையாக நின்றுவிட்டன. ஃபின்லாந்துக் கர்னல் சீலாஸ்வுவோ முதலில் 163ஐ முறியடித்துவிட்டு, ஜனவரி தொடக்கத்தில் இந்த வரிசையின் பக்கம் திரும்பினார்.

சாலையில் நின்றவனுக்கு இருபக்கமும் ஆழ்பனி. நடப்பவன் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலுக்கு மேல் புதைவான். சில நூறு மீட்டர் போவதற்குள் வியர்த்து நனைந்துவிடுவான். அந்த வியர்வைதான் பிறகு அவனை உறைய வைக்கும். ஆகவே சோவியத் படைக்குச் சாலையே உலகமாகிவிட்டது. பக்கக் காவலைக் காட்டுக்குள் தொலைவில் நிறுத்த முடியவில்லை. அவர்களுக்கும் சறுக்குப்பலகைகள் இருந்தன. ஓட்டிப் பழகியவர்கள் இல்லை.

ஃபின்லாந்து வீரனின் பலகையில் இருந்த கட்டு ஒரு தோல் வளையம் மட்டுமே. முனை மேல்நோக்கி வளைந்த காலணியை அதில் நுழைத்தால் போதும். குப்புற விழுந்து சுட வேண்டுமானால் நொடியில் காலை உருவிக்கொள்ளலாம். ஆனால் பலகை ஒரு மனிதனைத்தான் சுமக்கும். ஒரு பட்டாளத்தைச் சுமக்கப் பாதை வேண்டும். சாலைக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி, ஏரிப் பனிக்கட்டியின் மேலும் காட்டின் ஊடாகவும் அவர்கள் இன்னொரு பாதை போட்டார்கள். முதலில் பலகைக்காரர்கள் போய்ப் பனியை அழுத்துவார்கள். பின்னால் வெறும் சறுக்குவண்டியோடு குதிரை போகும். அழுத்திய பனி இரவுக் குளிரில் இறுகிக் கெட்டிப்பட்டதும் சுமை வண்டிகள் ஓடும். எதிரி ஒரு சாலையில் சிக்கிக் கிடக்க, இவர்கள் அதற்கு இணையாக வேறொரு சாலையை வைத்துக்கொண்டு விரும்பிய இடத்தில் வெட்டினார்கள். வெட்டப்பட்ட துண்டுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மொத்தி’; பிறகு பிளப்பதற்காக அளந்து அடுக்கி வைக்கும் விறகுக் குவியலுக்கு ஃபின்னிஷ் மொழியில் உள்ள சொல்.

இனி அடுப்புக்கு வருகிறேன். அந்த ஜனவரியில் குளிர் −30 டிகிரிக்கும் கீழே போனது. சில இரவுகளில் −40ஐத் தொட்டது. ஃபின்லாந்துப் படையில் சுமார் இருபது பேருக்கு ஒரு கூடாரம். நடுவில் தகர அடுப்பு, தரையில் ஸ்புரூஸ் எனும் ஊசியிலை மரத்தின் கிளைகள். எல்லோரும் கால்களை அடுப்புப் பக்கம் நீட்டிப் படுப்பார்கள். ஒருவன் மட்டும் முறை வைத்து விழித்திருந்து விறகு போடுவான். அவனுக்கு ‘தீப்பொறி மிக்கோ’ என்றே பட்டப்பெயர். கூடாரமும் அடுப்பும் ‘ஆஹ்கியோ’ எனும் படகு வடிவச் சறுக்குவண்டியில் மனிதர்களே இழுத்து வந்தவை. காயம்பட்டவனை வெளியே கொண்டுபோனதும் அதே வண்டிதான். சண்டைக்குப் போன குழு திரும்பிவந்து, காலுறையை உலர்த்தி, சூடாக உண்டு, தூங்கி, மறுபடி போனது.

சோவியத் வீரனுக்கு இருந்தது திறந்தவெளித் தீ. தீயைப் பார்த்த முகம் வெந்தது, முதுகு உறைந்தது. உருகிய பனி காலணியை நனைத்தது. வாலென்கி எனும் கம்பளிக் காலணி உலர் குளிரில் மிகச் சிறந்தது, ஆனால் டிவிஷனில் அது எல்லோருக்கும் போதவில்லை. இறுக்கமான தோல் காலணி இரத்த ஓட்டத்தை நெரித்துப் பனிக்கடிக்கு வழி செய்தது. போதாக்குறைக்கு, தீ இருட்டில் இலக்கைக் காட்டிக்கொடுத்தது. ஃபின்லாந்துக் குழுக்கள் களச் சமையல் வண்டிகளைத் தேடித் தேடி அடித்தன. சூடான உணவு போனதும் குளிரே மிச்ச வேலையைச் செய்தது.

பனிக்கடியில் ஒரு கொடுமை உண்டு: பட்டவனுக்கு அது தெரியாது. தோல் மரத்துவிடுவதால் வலி நின்றுபோகிறது. மெழுகு போல் வெளுத்த புள்ளி பக்கத்தில் இருப்பவன் கண்ணுக்குத்தான் தெரியும். ஆகவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதே முதல் மருந்து. வெளுத்த கன்னத்தில் வெறுங்கையை வைத்துச் சூடேற்ற வேண்டும். அக்காலத்தில் பரவலாக நம்பப்பட்டதுபோல் பனியை வைத்துத் தேய்த்தால் உறைந்த தசை மேலும் சிதையும். ஆழமாக உறைந்த காலை, மறுபடி உறைய வாய்ப்புள்ள இடத்தில் உருக்கவே கூடாது. உருகி மீண்டும் உறைந்த கால் பெரும்பாலும் கைவிட்டுப்போகும். சாலையோரத் தீயின் அருகே தினமும் நடந்தது இதுதான். உலர்ந்த கூடாரம் இல்லாதவனுக்கு இந்த விதியைக் கடைப்பிடிக்க இடமே இல்லை.

ஆயுதத்துக்கு விதி நேர்மாறு: அதைக் கூடாரத்துக்குள் கொண்டுவரக் கூடாது. வெதுவெதுப்பான காற்றின் ஈரம் குளிர்ந்த இரும்பில் படியும். வெளியே போனதும் அதுவே பனிக்கட்டியாகி இயக்கத்தைப் பூட்டிவிடும். துப்பாக்கிகள் வெளியிலேயே நின்றன. கெட்டியாகும் எண்ணெயைத் துடைத்தெடுத்துவிட்டார்கள். நீரால் குளிரூட்டும் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியில் கிளிசரின் கலந்த நீரை ஊற்றினார்கள். சோவியத் பக்கத்திலோ லாரி, டாங்கி என்ஜின்களை உறையாமல் வைக்க அடிக்கடி ஓடவிட வேண்டியிருந்தது. பின்வழி வெட்டப்பட்டபின் எரிபொருள் வரவில்லை; நின்ற என்ஜின் மறுபடி கிளம்பவில்லை. தங்கள் பலம் என்று கொண்டுவந்தது சாலையை அடைக்கும் இரும்பாயிற்று.

பகல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே அப்போது பகல் ஏறத்தாழ நான்கு மணி நேரம். விமானங்களை நம்பியவனுக்கு அது இழப்பு. இருட்டில் தன் காட்டில் நகர்பவனுக்கு இருபது மணி நேர மறைப்பு.

ஜனவரி 7க்குள் 44ஆவது டிவிஷன் சிதறியது. நாற்பதுக்கும் மேற்பட்ட டாங்கிகளும் எழுபது அளவில் பீரங்கிகளும் சாலையிலேயே கிடைத்தன. தளபதி வினோகிராதோவ் தன் சொந்தத் தரப்பாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

அப்படியானால் ஃபின்லாந்தின் வழிமுறையே எங்கும் சிறந்ததா? இல்லை. இழுத்துச் செல்லும் எடைக்கு எல்லை உண்டு. கனரகப் பீரங்கி இல்லாததால் டாங்கிகளைப் புதைத்து அரண் அமைத்த பெரிய மொத்திகளை அவர்களால் உடைக்க முடியவில்லை. தெற்கே கூஹ்மோவில் சூழப்பட்ட 54ஆவது டிவிஷன் போர் முடியும்வரை தாக்குப்பிடித்தது. அதை மீட்க பிப்ரவரியில் சோவியத் அனுப்பிய பனிச்சறுக்குப் படையணி அந்தக் காட்டில் அழிந்தது. பலகை மட்டும் போதாது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அதே பிப்ரவரியில் தென்கிழக்கே கரேலியன் நிலச்சந்தியில் சோவியத் பீரங்கிகள் நாள்கணக்கில் முழங்கி, 11ஆம் தேதி சும்மா என்ற இடத்தில் ஃபின்லாந்தின் தற்காப்புக் கோடு உடைந்தது. அங்கே சுற்றிவளைக்கப் பக்கக் காடு இல்லை. தோண்டிய குழியை விட்டு நகர இடமில்லை.