பழைய சாவிக்குப் பிளாங்க் தேடும்போது எதை நம்பலாம்: தலையா, பள்ளமா, வெட்டா?

டெக்சாஸில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் முந்தைய சொந்தக்காரர் ஒரு பிஸ்கட் டின் நிறைய சாவிகளை விட்டுவிட்டுப் போயிருந்தார். அதில் பின்கதவைத் திறப்பது ஒன்றே ஒன்றுதான், அதுவும் சும்மா திறக்காது, உள்ளே விட்டுக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தால்தான் திரும்பும். அம்மா ஊரிலிருந்து வரவிருந்ததால் அவருக்கு ஒரு டூப்ளிகேட் வெட்டலாம் என்று ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பையன் சாவியின் தலையைப் பார்த்தான், சுவரில் அதே மாதிரி தலையோடு தொங்கிய பிளாங்க்கை, அதாவது இன்னும் வெட்டாத சாவியை, எடுத்தான், இரண்டு நிமிஷத்தில் வெட்டிக் கையில் கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்து பார்த்தால் புதுச் சாவி பூட்டுக்குள் நுழையவே இல்லை.

தலை சொன்னது பொய்யா? முழுப் பொய் இல்லை. பூட்டுக் கம்பெனிகள் ஆளுக்கொரு தலை வடிவம் வைத்திருக்கின்றன, பிளாங்க் மட்டும் செய்து விற்கும் கம்பெனிகளும் அதையே ஏறக்குறைய காப்பியடிக்கின்றன. அதனால் தலையைப் பார்த்து 'இது ஷ்லேக் குடும்பம், அது க்விக்செட் குடும்பம்' என்று பிரிக்கலாம், நூறு பிளாங்க்கில் தேட வேண்டியது பத்தாகக் குறையும். அவ்வளவுதான் அதன் வேலை. தலை பூட்டுக்கு வெளியே நிற்கிற பாகம், அது வட்டமா சதுரமா என்று பூட்டுக்குத் தெரியவே தெரியாது. அதிலும் டின்னில் கிடக்கிற பழைய சாவிகளில் பாதி ஏற்கெனவே யாரோ போட்ட டூப்ளிகேட்டாக இருக்கும், தலை அந்த நாளில் கடையில் என்ன கிடைத்ததோ அதுவாக இருக்கும். தலையில் உருப்படியான விஷயம் அதில் அடித்திருக்கும் எண்தான். எஸ்.சி.1, கே.டபிள்யூ.1 என்று தெளிவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. என் சாவியில் அந்த இடம் வழவழவென்று தேய்ந்து போயிருந்தது.

அடுத்து பள்ளம். சாவியின் அலகில் இரண்டு பக்கமும் நீளவாட்டில் ஓடும் கோடுகளைச் சொல்கிறேன். இதைப் பக்கவாட்டில் பார்த்துப் பிரயோஜனமில்லை. வெட்டு, அதாவது பல் பல்லாக இருக்கும் விளிம்பு, மேலே இருக்கும்படி பிடித்து, நுனி உங்கள் கண்ணை நோக்கி இருக்கும்படி திருப்பி, ஒற்றைக் கண்ணால் நேராகப் பாருங்கள். நெளிந்த ஓர் எழுத்து மாதிரி ஒரு வடிவம் தெரியும். பூட்டின் வாயும் அதே வடிவம்தான். பிளாங்க்கையும் அதே மாதிரி நுனிப்பக்கமாகத்தான் பார்க்க வேண்டும், ஒன்றை நுனியிலிருந்தும் இன்னொன்றைத் தலைப்பக்கமிருந்தும் பார்த்தால் இடம் வலம் மாறி, சரியான பிளாங்க்கே தப்பாகத் தெரியும்.

என் கதை இங்கேதான் பிடிபட்டது. ஷ்லேக்கில் ஒரே தலை, ஒரே நீளம், ஆனால் பள்ளம் மட்டும் வேறாக சி, ஈ, எஃப் என்று பல வகை உண்டு. வீடுகளில் அதிகம் புழங்குவது சி வகை, அதன் ஐந்து வெட்டு பிளாங்க்தான் எஸ்.சி.1. பையன் எடுத்தது அது. என் சாவியோ ஈ வகை, அதற்கு எஸ்.சி.8 வேண்டும். அடுத்த தடவை பிளாங்க்கை வெட்டாமல் வாங்கி வந்து முதலில் பூட்டில் நுழைத்துப் பார்த்தேன். தோள்வரை, அதாவது தலைக்குக் கீழே அலகு அகலமாகிற அந்தப் படிவரை, உரசாமல் போனது. வெட்டிவிட்டால் பெரும்பாலும் யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள், இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. தலைக்கும் பள்ளத்துக்கும் சண்டை வந்தால் நான் யோசிக்காமல் பள்ளத்தின் பக்கம் நிற்பது இதனால்தான்.

சரி, பிளாங்க் கிடைத்துவிட்டது, அதில் பழைய சாவியை அப்படியே நகலெடுத்தார்கள். இப்போது நுழைகிறது, திரும்ப மாட்டேன் என்கிறது. நுழையாவிட்டால் பள்ளத்தில் கோளாறு, நுழைந்தும் திரும்பாவிட்டால் வெட்டில் கோளாறு. வெட்டிலும் இரண்டு விதம் உண்டு. சாவியை ஒரு நூல் வெளியே இழுத்துத் திருப்பினால் திரும்புகிறதா? அப்படியானால் மெஷினில் இரண்டு சாவிகளின் தோளையும் ஒரே வரிசையில் வைக்கவில்லை, எல்லா வெட்டும் நகர்ந்துவிட்டன. மேலே தூக்கினால் திரும்புகிறதா? அப்படியானால் வெட்டுகள் தேவைக்கு மேல் ஆழமாகிவிட்டன, மூலச் சாவியே தேய்ந்தது. எனக்கு இரண்டாவது. தேய்ந்ததை நகலெடுத்தால் தேய்மானமும் சேர்ந்துதான் நகலாகும், மெஷின் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் கூட்டும்.

வெட்டுகள் உண்மையில் உதவுவது இங்கேதான். அவை கண்டபடி வெட்டியவை அல்ல, படிப்படியாக ஆழமாகும் அளவுகள். ஷ்லேக்கில் 0 முதல் 9 வரை பத்துப் படி, அடியிலிருந்து வெட்டின் தரைவரை 0 என்றால் 8.51 மி.மீ., ஒவ்வொரு படிக்கும் 0.38 மி.மீ. குறையும். க்விக்செட்டில் படிகள் பெரியவை, 0.58 மி.மீ. தோளிலிருந்து முதல் வெட்டின் நடுவரை ஷ்லேக்கில் 5.87, க்விக்செட்டில் 6.27. இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, இரண்டிலும் ஐந்து வெட்டு இருந்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் வெட்டை வெறுங்கண்ணால் பார்த்து வகையைக் கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். வகை தெரிந்த பிறகு காலிப்பரால் அளப்பதற்குத்தான் அது.

என் சாவியில் தோள் பக்கத்திலிருந்து 7.25, 6.12, 8.00, 6.85, 7.65 என்று வந்தது. அட்டவணையில் பக்கத்தில் இருப்பவை 7.37, 6.22, 8.13, 6.99, 7.75. ஐந்துமே ஒரே பக்கமாக, பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைவு. ஒன்று கூடி ஒன்று குறைந்திருந்தால் என் அளவில்தான் தப்பு என்று நினைத்திருப்பேன், ஐந்தும் சேர்ந்து குறைந்தால் அது தேய்மானம். ஆக உண்மையான எண் 3-6-1-4-2. இந்த எண்ணைச் சொல்லி வெட்டித் தரும் ஒரு பூட்டுக்காரரைத் தேடிப் போனேன். பழைய சாவியைக் காட்டவே இல்லை, புதிய எஸ்.சி.8-இல் அந்த ஆழங்களை வெட்டினார், கதவு தூக்காமல் ஆட்டாமல் திறந்தது. ஆனால் அரைப்படிக்கு, அதாவது 0.19-க்கு மேல் தேய்ந்த சாவியில் இந்த வித்தை பலிக்காது, எந்தப் படிக்கு நெருக்கம் என்பதே குழம்பிவிடும். அப்போது பூட்டைக் கழற்றி, உள்ளே ஒவ்வொரு வெட்டிலும் வந்து உட்காரும் பின்களைப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

இந்த வரிசையை எல்லாச் சாவிக்கும் பொருத்தாதீர்கள். அம்மா வந்தபோது டிரங்குப் பெட்டிப் பூட்டின் சாவியைக் கொண்டுவந்து 'இதுக்கும் ஒண்ணு போட்டுக் குடுடா' என்றார். லீவர் பூட்டு, தலையில் ஒரு வளையம், நீளத் தண்டு, நுனியில் கொடி மாதிரி ஒரு தகடு. இங்கே பள்ளமே கிடையாது. அந்த இடத்தை எடுத்துக்கொள்வது தண்டு: அது திடக் கம்பியா, உள்ளே துளையுள்ள பைப்பா என்பதுதான் முதல் கேள்வி. பைப் சாவி பூட்டுக்குள் நிற்கும் ஒரு ஊசியின் மேல் போய் உட்கார வேண்டும், துளை சிறியதானால் உட்காராது, பெரியதானால் ஆடும். தகட்டின் வெட்டுகளும் இங்கே நிறையச் சொல்லும். இடமும் வலமும் ஒரே மாதிரி இருந்தால் பெரும்பாலும் இரு பக்கமிருந்தும் திறக்கும் கதவுச் சாவி, ஏனென்றால் மறுபக்கமிருந்து விடும்போது வரிசை தலைகீழாகிவிடும். அம்மாவுடையது பைப், வெட்டுகளில் அந்த ஒழுங்கும் இல்லை. அமெரிக்கக் கடைச் சுவரில் அதற்குப் பிளாங்க் தேடுவதற்குப் பதில், ஊருக்குப் போகும்போது சாவியோடு பூட்டையும் சாவிக்காரரிடம் எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன். துளை பொருந்தும், தகடு கொஞ்சம் பெரிதான பிளாங்க்கை எடுத்து அரத்தால் ராவி, பூட்டில் விட்டு விட்டுப் பார்த்துத்தான் அவர் அதை முடிப்பார்.