பற்றில் விழுந்த வரவு: ரூ. 4,200 போன கதை

கை இன்னும் நடுங்குகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குச் சிறிய கொலுசுப் பட்டறை இருக்கிறது. கடன் புதுப்பிக்க, அப்பா பெயரில் உள்ள பழைய கணக்கின் வரவு செலவு முழுவதையும் எக்செல் வரிசைகளாகக் கேட்டார் ஆடிட்டர். வங்கிக் கிளையில் கொடுத்ததோ 84 பக்கத் தாள். ஸ்கேன் எடுத்துக்கொண்டு, சேலத்திலேயே தட்டச்சும் ஜெராக்ஸும் செய்யும் ஒரு கடைக்குப் போனேன். பக்கத்துக்கு 50 ரூபாய், மொத்தம் ரூ. 4,200, முன்பணமாக.

நான் ஏமாந்த இடம் ஒன்றுதான். கடைக்காரர் முதல் பக்கத்தை அப்போதே செய்து திரையில் காட்டினார். தேதி, விவரம், பற்று, வரவு, இருப்பு என எல்லாம் அதனதன் பத்தியில் அழகாக இருந்தன. "பாருங்கள் அண்ணா, ஒரு பைசா மாறாது" என்றார். நானும் நாலு வரியை விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தைக் கையால் தட்டச்சு செய்து, மீதி 83 பக்கங்களை ஸ்கேனிலிருந்து எழுத்தைத் தானே படித்தெடுக்கும் மென்பொருளில் தள்ளியிருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது.

கோப்பை அனுப்பிய அன்று மாலையே ஆடிட்டரிடமிருந்து போன்: "என்னங்க, வாடிக்கையாளர் கொடுத்த பணமெல்லாம் செலவில் நிற்கிறது?"

எடுத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் இருப்பு 1,18,450. அடுத்த வரியில் 25,000 வரவாகி, இருப்பு 1,43,450 ஆகியிருக்கிறது. ஆனால் அந்த 25,000 கோப்பில் பற்றுப் பத்தியில் உட்கார்ந்திருக்கிறது! காரணம் எளிது. ஒரு வரியில் பற்று, வரவு இரண்டில் ஒன்று காலியாகத்தான் இருக்கும். மென்பொருளுக்குக் காலி இடம் கண்ணில் படாது. விவரத்துக்கு அடுத்து வரும் எண்ணை முதல் பத்தியில், அதாவது பற்றில், போட்டுவிடுகிறது. தாள் கொஞ்சம் சாய்ந்து ஸ்கேன் ஆகியிருந்தால் இன்னும் மோசம்.

ஆடிட்டர் ஒரு சூத்திரம் சொல்லிக்கொடுத்தார். D பற்று, E வரவு, F இருப்பு:

```
=ROUND(F2-D3+E3-F3,2)
```

சரியான வரியில் 0 வரும். மேலே சொன்ன வரியில் -50,000 வந்தது. வித்தியாசம் தொகையைப் போல இரு மடங்காக இருந்தால் பத்தி மாறியிருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு வரியில் -3,71,250. புள்ளி மங்கிப்போய் 3,750.00 என்ற பற்று 3,75,000 ஆகியிருந்தது. மூன்றாம் பக்கத்துக்குள்ளேயே இப்படிப் பதினொன்று எண்ணினேன்.

கடைக்கு ஓடினேன். "ஸ்கேன் தெளிவாக இல்லை அண்ணா" என்றார். மறுநாள், "பேங்க் அச்சடித்ததே அப்படித்தான்". அதற்கடுத்து, "கோட்டை மாரியம்மன் பண்டிகை முடியட்டும், பையன் ஊருக்குப் போயிருக்கிறான்". ரூ. 4,200 வாங்கும்போது பையனைப் பற்றிப் பேச்சே இல்லை.

நேற்று ஒருவழியாகத் 'திருத்திய' கோப்பு வந்தது. சூத்திரத்தைப் போட்டேன். மேலிருந்து கீழ்வரை எல்லாம் 0. மனம் குளிர்ந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி வரியைத் தாளோடு ஒப்பிட்டபோதுதான் இருப்பு பல லட்சம் கழித்தலில் நின்றது தெரிந்தது. ஓர் இருப்புக் கட்டத்தைச் சொடுக்கினேன். உள்ளே எண் இல்லை:

```
=F2-D3+E3
```

தாளில் இருந்த இருப்பை அழித்துவிட்டு, தப்பான பற்று வரவை வைத்தே இருப்பைக் கணக்கிட வைத்திருக்கிறார். பிறகு வித்தியாசம் எப்படி வரும்? இது தெரியாமல் நடந்த பிழை அல்ல. போனில் கேட்டேன். "டேலி ஆகிறதே அண்ணா, இன்னும் என்ன வேண்டும்?" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. ரூ. 4,200 போயே போய்விட்டது.

விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. மாதிரிக்கு முதல் பக்கத்தைக் கொடுக்காதீர்கள், நடுவிலிருந்து நீங்களே ஒன்றை உருவிக் கொடுங்கள். இருப்புப் பத்தி தாளில் உள்ளபடியே எண்ணாக வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். பக்கத் தலைப்பில் 'B/F' என்று வரும் முன்கொணர்ந்த தொகையை வரவாகச் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். அப்பாவின் கணக்கு எண்ணோடு 84 பக்கமும் அந்த ஆளின் கணினியில் கிடக்கிறது, அது வேறு.

திங்கட்கிழமை கோப்பு போயாக வேண்டும். மகள் தொகையை வாசிக்க வாசிக்க நான் தட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது பதினான்காம் பக்கம்.