மீதித் தேற்றமா, நீள் வகுத்தலா? போட்டோவில் வந்த ஒரு முப்படிக் கணக்கு

வாட்ஸ்அப்பில் மாணவர்கள் அனுப்பும் புத்தகப் பக்கங்கள் பெரும்பாலும் சாய்வாகவும், தைத்த ஓரத்தில் நிழல் விழுந்தும் இருக்கும். அப்படி வந்த ஒரு பக்கத்தில் இருந்த கணக்கு இது: 2x³ − 3x² − 11x + 30 என்பதற்கு x − 2 ஒரு காரணி எனக் காட்டி, முழுமையாகக் காரணிப்படுத்துக.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. மீதித் தேற்றத்தின்படி, x − 2 ஆல் வகுத்தால் வரும் மீதி p(2). அதனால் x வரும் இடத்தில் 2 போட்டால் போதும்: 16 − 12 − 22 + 30 = 12. காரணி என்று சொல்லியிருக்கிறார்கள், மீதியோ 12. நீள் வகுத்தலில் போனாலும் கடைசி வரியில் இதே 12தான் நிற்கும். ஆனால் அங்கே பலமுறை கழித்து, பலமுறை குறி மாற்றி வந்திருப்போம். கழித்தலில் தவறினோமா, கணக்கையே தவறாகப் படித்தோமா என்று அந்த 12ஐ மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பிரதியிட்டும் 12, வகுத்தும் 12 என்றால் வகுத்தது சரி, சந்தேகம் படத்தின் மேல்தான். இரண்டு விடைகளும் வேறுபட்டால், நம் வேலையில் எங்கோ தவறு இருக்கிறது.

பிரதியிடலுக்கு இன்னொரு பெரிய பலம் உண்டு. அந்த 12 எங்கிருந்து வந்தது என்று தேட அது உதவும். x = 2 என்பதால், மாறிலியில் ஒன்று மாறினால் மீதி ஒன்று மாறும். x-இன் கெழுவில் ஒன்று மாறினால் மீதி இரண்டு மாறும், x²-இன் கெழுவில் என்றால் நான்கு, x³-இல் எட்டு. ஒரே ஒரு எண்தான் தவறு என்று வைத்துக்கொள்வோம். மீதியிலிருந்து 12ஐக் குறைக்க 30 என்பது 18 ஆக இருக்க வேண்டும், அல்லது −11 என்பது −17 ஆக, அல்லது −3 என்பது −6 ஆக. x³-இன் கெழுவில் ஒன்றரை குறைய வேண்டும் என்பதால் அதை விட்டுவிடலாம். மங்கலான அச்சில் 7 என்பது 1 போலத் தெரிவது சாதாரணம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டாவது இலக்கத்தின் மேற்கோடு நிழலுக்குள் இருக்கிறது. ஆக, −17x.

ஆனால் பிரதியிடல் இதோடு நின்றுவிடும். மீதி 0 என்று அது சொல்லும், ஈவைத் தராது. முழுமையாகக் காரணிப்படுத்த ஈவு வேண்டும். அங்கே நீள் வகுத்தல்தான் கை கொடுக்கும்:

```
            2x² +   x − 15
x − 2 ) 2x³ − 3x² − 17x + 30
        2x³ − 4x²
        ---------
               x² − 17x
               x² −  2x
               --------
                  − 15x + 30
                  − 15x + 30
                  ----------
                           0
```

மாணவர்கள் அதிகம் சறுக்குவது முதல் கழித்தலில். −3x² − (−4x²) என்பது +x². அதை −7x² என்று எழுதிவிட்டால் கீழே எல்லாம் கெடும், மீதியும் 0 வராது.

ஈவு 2x² + x − 15. இங்கேயே நிறுத்தினால் "முழுமையாக" ஆகாது. 2 × (−15) = −30. பெருக்கினால் −30, கூட்டினால் 1 வரும் எண்கள் 6, −5. எனவே 2x² + 6x − 5x − 15 = (x + 3)(2x − 5). விடை (x − 2)(x + 3)(2x − 5).

மற்ற இரண்டு ஊகங்களையும் இங்கே சோதிக்கலாம். −6 என்று எடுத்தால் ஈவு 2x² − 2x − 15, தன்மைகாட்டி 124. 18 என்று எடுத்தால் ஈவு 2x² + x − 9, தன்மைகாட்டி 73. இரண்டும் முழு வர்க்கம் அல்ல, அதனால் விகிதமுறு எண்களில் மேலே பிரியாது. −17க்கு வருவது 121, அதாவது 11². பாடநூல் கணக்கு முழுமையாகப் பிரியும்படிதான் அமைக்கப்பட்டிருக்கும் என்பதால், படத்தைப் படித்தது சரி என்பதற்கு இது இன்னொரு சான்று.

தொகுமுறை வகுத்தலை ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்கலாம். x − 2க்கு அது நீள் வகுத்தலைவிட வேகம்: 2, 1, −15, 0 என்று ஒரே வரியில் முடியும். 2x − 5 ஆல் வகுக்கும்போது கவனம் வேண்டும். 5/2ஐ வைத்துச் செய்தால் 2, 2, −12, 0 வரும். இது x − 5/2 ஆல் வகுத்த ஈவு. 2x − 5க்கு உரிய ஈவு அதில் பாதி, x² + x − 6. பலர் பாதியாக்க மறந்து (2x − 5)(2x² + 2x − 12) என்று எழுதிவிடுகிறார்கள். மீதி 0 என்பதால் தவறு கண்ணில் படாது, விரித்துப் பார்த்தால் முதல் உறுப்பு 4x³ என்று வரும். வகுத்தியில் x-இன் கெழு 1 இல்லை என்றால் நான் நீள் வகுத்தலையே செய்யச் சொல்வேன்.