நீள இலையா, பொடி இலையா: யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணிக்கு எந்தத் தேயிலை?

திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் நிறுத்துத் தரும் கடையில் இரண்டு தேயிலை வாங்கினேன். ஒன்று ருகுணைத் தாழ்நிலத்து நீள இலை, ஓ.பி.1 என்ற தரம். மற்றது டிம்புளை மலையில் விளைந்த பொடி இலை, பி.ஓ.பி.எஃப். என்ற தரம். இரண்டையும் ஒரே அளவான இரண்டு ரின்களில் போட்டு மூடி, கொக்குவிலில் எங்கள் குசினி மேசையில் வைத்து, ஒவ்வொரு ரின்னுக்கும் முன்னால் ஒரு தேக்கரண்டி இலையைக் கொட்டிப் பார்த்தேன்.

ஓ.பி.1 கரண்டிக்குள் அடங்காது. கம்பி மாதிரி முறுக்கிய நீள இலை, கரி கறுப்பு. ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே கிடப்பதால் இடையில் வெளி நிறைய இருக்கும். கடல் மட்டத்திலிருந்து 600 மீற்றருக்குக் கீழே விளையும் தேயிலையில் இலை பெரிதாகவும் கறுப்பாகவும் வரும். அந்தத் தோற்றத்துக்காகவே மத்திய கிழக்கில் அதை விரும்பி வாங்குகிறார்கள். பி.ஓ.பி.எஃப். அப்படியில்லை. 1200 மீற்றருக்கு மேலே விளைந்த கொழுந்தை உருட்டும்போதே நொறுக்கிச் சலித்தெடுத்தது. குரக்கன் மணி மாதிரிச் சின்னத் துணிக்கைகள், கபிலம் கலந்த கறுப்பு, கரண்டியில் தட்டையாகப் படியும். இடையில் செம்பழுப்பு நார் கண்ணில் பட்டால் அது காம்பு. நாலைந்து கிடந்தால் பரவாயில்லை. கரண்டி முழுக்கச் சிவப்பாகத் தெரிந்தால் அந்தக் கடையில் இன்னொரு முறை வாங்க மாட்டேன்.

இந்த வடிவ வித்தியாசம்தான் எங்கள் வீடுகளில் நீள இலைக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது. பெரியம்மா முதல் நாள் ஓ.பி.1இல் ஒரு கரண்டி போட்டு ஊற்றிவிட்டு, "சாயமே இறங்கேல்லை, தம்பி. உன்னை ஏமாத்திப்போட்டாங்கள்" என்றார். என்னிடம் இருக்கும் சின்னத் தராசில் நிறுத்தேன். பி.ஓ.பி.எஃப். ஒரு கரண்டி இரண்டரைக் கிராமுக்குக் கிட்ட. ஓ.பி.1 ஒரு கரண்டி ஒன்றரைக் கிராம் மட்டில். தேயிலைச் சுவை பார்ப்பவர்களின் சர்வதேச அளவு 100 மில்லிலீற்றர் தண்ணிக்கு 2 கிராம், ஊற விடுவது 6 நிமிடம். எங்கள் கோப்பை 200 மில்லிலீற்றர் பிடிக்கும். அந்தக் கணக்கில் 4 கிராம் வேண்டும். அது நீள இலையில் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் கரண்டி. பெரியம்மா போட்டது ஒரு கரண்டி, விட்டது இரண்டு நிமிடம். தேயிலையில் பிழையில்லை. கரண்டியால் அளந்தால் நீள இலை எப்போதும் தோற்கும், நிறுத்தால் தோற்காது.

அடுத்தது காய்வு. தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும்போது தேயிலையில் ஈரம் 3 வீதத்துக்குக் கிட்ட இருக்கும். 7 வீதத்தைத் தாண்டினால் மணம் போய்ப் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். வீட்டில் ஈரம் அளக்கக் கருவி தேவையில்லை. நீள இலையில் ஒன்றை இரு விரலுக்கிடையில் பிடித்து மடக்கினால் 'டக்' என்று முறிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் ஏறிவிட்டது. இந்த இடத்தில் நீள இலைக்கு என் ஓட்டு: கெட்டதை மறைக்காது. பி.ஓ.பி.எஃப். மடக்கிப் பார்க்க முடியாத பொடி. ரின்னைச் சரித்தால் மணல் மாதிரி ஓடுகிறதா, கட்டியாகச் சரிகிறதா என்றுதான் பார்க்கலாம். கட்டி தெரியும் நேரத்தில் பாதி மணம் போயிருக்கும். பொடிக்கு வெளிப்பரப்பு அதிகம் என்பதால் ஈரத்தையும் விரைவாகவே இழுக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் ரின் ஒன்று இப்படித்தான் போனது. அடுப்புக்கு மேல் தட்டில் இருந்தது. கொதிக்கும் கேத்திலின் ஆவி ஒவ்வொரு நாளும் அதன் மூடியில் பட்டது. போதாக்குறைக்குச் சீனி கலக்கிய ஈரக் கரண்டியையே உள்ளே விட்டிருக்கிறோம். இரண்டு கிழமையில் நனைந்த சாக்கின் மணம். வெறும் தாச்சியில் மிக மெல்லிய நெருப்பில் சில நிமிடம் பிரட்டினேன். இலை திரும்பவும் மொறுமொறுத்தது. போன மணம் திரும்பவில்லை. பக்கத்துப் போத்தலில் கருவாடு இருந்தால் அதன் மணத்தையும் தேயிலை எடுத்துக்கொள்ளும், அதை வறுத்தும் போக்க முடியாது.

இனிக் கோப்பை. இரண்டிலும் 4 கிராம், நன்றாகக் கொதித்த தண்ணி. பி.ஓ.பி.எஃப்.க்கு மூன்று நிமிடம், ஓ.பி.1க்கு ஆறு நிமிடம். முதலில் மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணியில் செய்தேன். பி.ஓ.பி.எஃப். கோப்பையிலிருந்து எழுந்த ஆவியில் பூ மணம் போல ஒன்று மூக்கில் ஏறியது. நிறம் தெளிந்த செம்மஞ்சள், நாக்கில் சுறுக்கென்ற கயர்ப்பு. ஓ.பி.1இன் ஆவி அடக்கமானது. பாணிக்காய்ச்சும் மணத்தின் சாயல். நிறம் கடுஞ்சிவப்பு, கயர்ப்பு குறைவு. மழைத்தண்ணியில் மலைத் தேயிலைதான் வென்றது, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆவியை முதல் ஒரு நிமிடத்துக்குள் முகர வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புகை வெறும் நீர்த்துளிகள்தான். மணம் தரும் எண்ணெய்கள் கண்ணுக்குத் தெரியாமல் அதோடு சேர்ந்து போகின்றன. தேயிலையைக் கேத்திலுக்குள்ளேயே போட்டுக் கொதிக்க வைத்தால் வீடு மணக்கும், கோப்பைக்கு ஒன்றும் மிஞ்சாது.

பிறகு எங்கள் கிணற்றுத் தண்ணி. வலிகாமத்துக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல். கேத்திலின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் படிவைப் பார்த்தாலே தண்ணி எவ்வளவு கடினம் என்று தெரியும். அதே இலை, அதே நிறை, அதே நேரம். பி.ஓ.பி.எஃப்.இன் செம்மஞ்சள் மங்கிச் சேற்றுக் கபிலமானது. பூ மணம் தேடினால்தான் கிடைத்தது. கயர்ப்பு மழுங்கிவிட்டது. ஐந்து நிமிடத்தில் மேலே மெல்லிய ஆடை படிந்து, கரண்டியால் தொட்டதும் கண்ணாடிச் சில்லாக உடைந்தது. தண்ணியிலுள்ள கல்சியமும் பைகாபனேற்றும் தேத்தண்ணியின் சேர்வைகளோடு காற்றுப்பட்டு உண்டாக்கும் படலம் அது, தேயிலையின் ஊத்தையில்லை. ஓ.பி.1 கோப்பையிலும் ஆடை வந்தது. ஆனால் அது இழந்தது குறைவு. அதன் பலமே நிறமும் வாய் நிறைகிற தன்மையும்தான். அவை இரண்டும் கிணற்றுத் தண்ணியில் நின்றுபிடித்தன. தேசிக்காய்ப் புளி நாலு துளி விட்டால் இரண்டிலும் ஆடை வராது, நிறம் வெளிறும்.

ஆகவே பனங்கட்டி கடித்துக் குடிக்கும் வெறுந்தேத்தண்ணிக்கு, கிணற்றுத் தண்ணிதான் என்றால், நான் ஓ.பி.1 எடுப்பேன். பால் விடுவதென்றால் பி.ஓ.பி.எஃப். பாலுக்குள்ளாலும் அதன் சாயம் தெரியும், மூன்று நிமிடத்தில் அலுவல் முடியும். டஸ்ட் தேயிலை கடைக்காரருக்குத்தான். ஒரு பிடியில் நிறையக் கிளாஸ் ஊற்றலாம், வீட்டு வடிக்குள்ளால் அது இறங்கிவிடும்.

வடித்த இலையையும் எறியுமுன் பாருங்கள். புதுச் செப்புக்காசு போல மினுங்கினால் நல்ல தேயிலை. கறுத்துச் செத்துக் கிடந்தால் பழையது, அல்லது ரின் பிழை. பெரியம்மா இப்போது நீள இலைக்கென்று மேசைக்கரண்டி ஒன்றை ஒதுக்கி, ரின்னோடு சேர்த்து அடுப்படியிலிருந்து சாமியறைத் தட்டுக்கு மாற்றிவிட்டார்.