எலுமிச்சைப்புல் டீ: பச்சைப்புல்லா, காய்ந்த பாக்கெட்டா?

சென்னை மொட்டை மாடியில் வெயிலுக்குக் குறைவில்லை என்றால் தொட்டியில் ஒரு தூர் வையுங்கள். வெட்ட வெட்டத் தழைக்கும். வெயிலே படாத ஃப்ளாட்டுக்குப் பாக்கெட்தான் சரி.

மணம்: பச்சைக்கே என் ஓட்டு. எலுமிச்சை வாசம் தரும் சிட்ரால், காயும்போது கொஞ்சம் பறந்துவிடும். பாக்கெட்டில் வைக்கோல் வாடை வந்தால் பழசு.

பச்சை: அடிப்பக்க வெள்ளைத் தண்டு ஒன்றை நசுக்கி, ஒன்றரை டம்ளர் தண்ணீரில் மூடி 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். திறந்து வைத்தால் வாசமெல்லாம் அடுப்படிக்குத்தான்.

காய்ந்தது: ஒரு ஸ்பூனுக்குக் கொதிநீர் ஊற்றி, மூடி 10 நிமிடம்.

சளிக்கும் வயிற்று உப்புசத்துக்கும் இரண்டையுமே வீடுகளில் குடிப்பதுண்டு. எதுவானாலும் கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. பிபி, சுகர் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.