மாடி ஷெட்டுக்கு ஆங்கிள், போல்ட்டு ஃப்ரேம்: ஆறு மழைக்காலம் பார்த்த பிறகு எழுதுறேன்

மன்னார்குடி பக்கம் எங்க வீடு. 2018 கஜா புயல்ல எங்க தெருவுல பறந்த ஷீட்டு எல்லாமே கம்பியோட சேர்ந்துதான் பறந்துச்சு, ஷீட்டு மட்டும் கிழிஞ்சு போனது கம்மி. அதைப் பார்த்த பிறகு 2019ல மாடியில விதை நெல்லும் சாமானும் வைக்க 10க்கு 8 அடில ஷெட்டு போட்டப்போ, வெயிட்டைத் தாங்குமான்னு யோசிக்கல, காத்து தூக்கினா பிடிச்சு நிக்குமான்னுதான் யோசிச்சோம்.

கணக்கு சின்னதுதான். மணிக்கு 120 கி.மீ. காத்துன்னா ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 68 கிலோ அழுத்தம், 80 சதுர அடி கூரைக்கு 500 கிலோ வரும். ஃப்ரேம், ஷீட்டு எல்லாம் சேர்த்து 220 கிலோ கிட்டதான். மீதி 280 கிலோவை அடியில இருக்கற போல்ட்டுதான் இழுத்துப் பிடிக்கணும், அதுவும் காத்து எல்லாக் காலையும் சமமா தூக்காது, ஒரு ஓரத்தைத்தான் முதல்ல தூக்கும். அதனால ஸ்லாப்ல வெறும் ஆங்கர் அடிக்கற வேலையே வேணாம்னு சொல்லிட்டேன், ஓட்டை வழியா தண்ணி இறங்கி கீழ் சீலிங்கும் கெடும். நாலு மூலைக்கும் மேல்மாடிக்குன்னு விட்டிருந்த பில்லர் கம்பி நீட்டிக்கிட்டு இருந்துச்சு, அதோட சேர்த்துக் கட்டி ஒரு அடி உயரத்துக்கு கான்கிரீட் கட்டை போட்டு போல்ட்டை அதுக்குள்ளயே புதைச்சோம். நடு ரெண்டு காலுக்கு மட்டும் பீமுக்கு நேர் மேல துளை போட்டு கெமிக்கல் ஊத்தி கம்பி நட்டோம்.

காலும் குறுக்குச் சட்டமும் 50க்கு 50, 6 மிமீ கனத்துல L வடிவ இரும்பு ஆங்கிள். ஷீட்டு உக்கார்ற பர்லின் 40க்கு 40, 5 மிமீ. சட்டத்துக்கெல்லாம் 12 மிமீ ஜி.ஐ. போல்ட்டு, ஓட்டை 13 மிமீ. ஓட்டையை ஆங்கிள் முகத்துல நட்ட நடுவுல போடாம, அந்த L மடிப்பு மூலையிலேர்ந்து 28 மிமீ தள்ளிப் போடச் சொல்லணும். நடுவுல போட்டா நட்டு மூலையை ஒட்டி வந்து ஸ்பேனர் திரும்பறதுக்கு இடம் இருக்காது, ரொம்ப வெளிய தள்ளினா விளிம்பு கிழியும். கேஸ் வெச்சு ஓட்டை போடறேன்னு பட்டறையில சொன்னா விடாதீங்க, ட்ரில்தான்.

போல்ட்டு ஃப்ரேம்ல முக்கியமானது மூலைதான். ஒரு ஜாயிண்ட்டுக்கு ஒரே போல்ட்டு போட்டா அது கதவுக் கீல் மாதிரி வேலை செய்யும், தள்ளினா மொத்த ஷெட்டும் சாயும். எங்களுது ஒவ்வொரு காலுக்கும் ரெண்டு போல்ட்டு, அதோட காலுக்கும் சட்டத்துக்கும் நடுவுல ரெண்டு அடி சாய்வுத் துண்டு ரெண்டு பக்கமும் போட்டிருக்கு. அந்தத் துண்டை மாட்டறதுக்கு முன்னாடி காலைப் பிடிச்சு ஆட்டினா ஒரு இன்ச் நகர்ந்துச்சு, மாட்டி முறுக்கின பிறகு ரெண்டு பேர் தள்ளியும் அசையல. சோதிச்சுப் பாக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல.

இத்தனை வருஷத்துல என்ன நடந்துச்சுன்னா, முதல் ரெண்டு மாசத்துலயே நட்டெல்லாம் கொஞ்சம் தளர்ந்துச்சு. ரெண்டு ஆங்கிளுக்கு நடுவுல இருக்கற பெயிண்ட்டு நசுங்கி மெலிசாகறதாலதான், ஸ்பிரிங் வாஷர் இருந்தாலும் நடக்கும், மறுபடி முறுக்கினா போதும். அதுக்கப்புறம் வருஷா வருஷம் ஆவணியில, மழைக்கு முன்னாடி, ஸ்பேனரை வெச்சு ஒரு சுத்து பாத்துடறேன், பெரும்பாலும் நகராது.

துரு வந்த இடம் வேற. ஆங்கிள் வெளி முகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ரெண்டு ஆங்கிள் ஒட்டற இடுக்குலதான் பழுப்பு நீர் வடிஞ்சு கோடு விழுந்துச்சு. தண்ணி உள்ள போயி காயாம நின்னா துரு உப்பி ரெண்டையும் பிரிக்கும். கோடு தெரிஞ்ச ஒரு ஜாயிண்ட்டைக் கழட்டி, கம்பி பிரஷ்ல தேச்சு, ரெட் ஆக்சைடு அடிச்சு, காய வெச்சு மாட்டினேன், அரை நாள் வேலை. வெல்டிங்னா இது முடியாது, அறுக்கணும். இன்னொண்ணு, பர்லினை மேல தட்டையா ஒரு முகமும் கீழ தொங்கற மாதிரி இன்னொரு முகமும் வர்ற மாதிரி வைங்க. அதைத் திருப்பி வெச்சா தண்ணியும் வேப்பிலைக் குப்பையும் தேங்கிப்போகும்.

ஒழுகல் வந்தது ஃப்ரேம்ல இல்ல, ஷீட்டு ஸ்க்ரூ வாஷர்ல. நாலாவது வெயில்ல ரப்பர் காஞ்சு வெடிச்சுது, தெற்குப் பக்கம் முழுக்க மாத்தினேன். ஸ்க்ரூ மேட்டுல இருக்கணும், பள்ளத்துல இருந்தா ரப்பர் நல்லா இருக்கும்போதே ஒழுகும்.

இதே ஆங்கிளை வெச்சு 12, 14 அடி நடுக்கால் இல்லாம தாண்டலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. வேணாம், தொங்கும், புயல்ல வளையும். நடுவுல கால் வெச்சே ஆகணும், இல்லன்னா முக்கோண முக்கோணமா சட்டம் கோத்து ட்ரஸ் கட்டணும், அதை ஒரு இன்ஜினியர்ட்ட காட்டிட்டு செய்யுங்க.