பேப்பரும் டிஜிட்டலும் சேர்ந்த சந்தா: பத்தொன்பது நாள் கணக்கு

பொள்ளாச்சியில் இருக்கும் மச்சினன் போன வாரம் போன் செய்து, "மாமா, பேப்பரும் டிஜிட்டலும் சேர்த்துச் சந்தா கட்டுவதா, டிஜிட்டல் மட்டும் போதுமா?" என்று கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் போன வருஷத்துக் கோபம் முழுக்க மேலே வந்துவிட்டது.

நாங்கள் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். கேரளம்தான், ஆனால் வீட்டில் தமிழ்ப் பேப்பர். கோவையில் அச்சாகி விடியற்காலை வேனில் வரும். முன்பெல்லாம் மாதா மாதம் ஏஜென்டிடம் காசு கொடுப்போம். ஊருக்குப் போவதென்றால் முந்தின நாள் பேப்பர் போடுகிற பையனிடம் "திங்கள் வரை வேண்டாம்ப்பா" என்றால் முடிந்தது. 2024 ஜூன் 1 முதல் நேரடியாக ஆண்டுச் சந்தா: 2,800 ரூபாய்க்குப் பேப்பரும் வரும், இ-பேப்பரும் படிக்கலாம். டிஜிட்டல் மட்டும் என்றால் 900 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 1,062. அச்சுப் பேப்பருக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பது அந்த பில்லைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எல்லைப் பக்கத்துக்கு வருவது முதலில் அச்சாகும் பதிப்பு. தூரத்து ஊர்களுக்கான வேன் சீக்கிரம் கிளம்ப வேண்டும், அதனால் ராத்திரி பதினொன்றரைக்கு முடிகிற ஐபிஎல் ஆட்டம் எங்கள் பேப்பரில் பாதியில் நிற்கும். இ-பேப்பரில் கோவை நகரப் பதிப்பைத் திறந்தால் முழு ஸ்கோரும் இருக்கிறது. இத்தனை வருஷம் பேப்பர்காரர்களுக்குக் கிரிக்கெட்டே பிடிக்காது போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சந்தாவில் 'விடுமுறை நிறுத்தம்' என்று ஒரு வசதி உண்டு. குறைந்தது ஏழு நாள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஆண்டுக்கு முப்பது நாளுக்கு மேல் கூடாது, எழுபத்திரண்டு மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும். பணம் திரும்பி வராது, நிறுத்திய நாட்களைச் சந்தாவின் கடைசியில் கூட்டிவிடுவார்கள். படிக்கும்போது நியாயமாகத்தான் தெரிந்தது.

2025 ஏப்ரல் 5ஆம் தேதி தென்காசியில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினோம். 24 ராத்திரி திரும்பினோம். இருபது நாள். நான் சொன்னது 3ஆம் தேதி காலை, அதனால் 6ஆம் தேதியிலிருந்துதான் நிறுத்தம். ஒரு நாள் போனது என் தப்பு, சரி. திரும்பி வந்து கேட்டைத் திறந்தால் திண்ணையில் ஆறு பேப்பர், கோடை மழையில் நனைந்து அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கின்றன. தேதி பார்த்தேன்: 5 முதல் 10 வரை. அதாவது அலுவலகத்தில் நிறுத்தியாகிவிட்டது, ஏஜென்டுக்குத் தகவல் போய்ச் சேர ஐந்து நாள் ஆகியிருக்கிறது.

ஏஜென்டிடம் சண்டைக்குப் போனேன். அவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு விளக்கினார். நாளைக்கு எத்தனை பேப்பர் வேண்டும் என்ற எண்ணிக்கையை அவர் முந்தின நாளே சொல்ல வேண்டும். சொன்ன எண்ணிக்கைக்குக் கட்டு வந்து இறங்கிவிடும், மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. எனக்கு ஒரு பேப்பரை நிறுத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து எழுத்து வராமல் அவர் குறைத்தால், அந்தக் கணக்கு அவர் தலையில். "உங்ககிட்ட நான் காசு வாங்கினா நானே நிறுத்திக்குவேன். இப்ப நீங்க அவங்க ஆள்" என்றார். என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கணக்குப் பார்த்தால் அந்த ஐந்து பேப்பரும் எனக்கு லாபம்தான், ஏனென்றால் பத்தொன்பது நாளையும் அப்படியே கூட்டிவிட்டார்கள். ஆனால் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று தெருவுக்கே தண்டோரா போட்ட லாபம் அது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மே 31ல் முடிய வேண்டிய பேப்பர் சந்தா ஜூன் 19 வரை நீண்டது. ஜூன் 1ஆம் தேதி காலையில் பேப்பர் வந்தது. போனில் இ-பேப்பரைத் திறந்தால் 'உங்கள் சந்தா முடிந்துவிட்டது' என்கிறது. பேப்பருக்கு மட்டும்தான் நாள் கூட்டுவார்களாம், டிஜிட்டலுக்குக் கிடையாதாம். ஒரே சந்தா, ஒரே பணம், இரண்டு கடைசித் தேதி!

வாடிக்கையாளர் சேவைப் பெண்ணிடம் நாற்பது நிமிஷம் பேசினேன். அந்தப் பெண்ணும் பாவம். இப்போது புதுப்பித்தால் டிஜிட்டல் இன்றே தொடங்கும், பேப்பர் ஜூன் 20லிருந்து கணக்காகும் என்றார். நாள் வீணாகாது, நல்லதுதான். ஆனால் அடுத்த ஆண்டும் அதே பத்தொன்பது நாள் இடைவெளி தொடரும். இன்னொரு முறை நிறுத்தினால் இன்னும் அகலமாகும். இரண்டையும் ஒன்றாக்க ஒரே வழி, ஜூன் 19 வரை டிஜிட்டல் இல்லாமல் இருந்துவிட்டு 20ஆம் தேதி பணம் கட்டுவது. கட்டணம் கட்டும் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கோபம் ஆறியபின் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. தென்காசியில் இருந்த இருபது நாளும் இ-பேப்பரை ஒரு நாள் விடாமல் படித்தோம். அப்பா தங்கையின் டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கி, பொள்ளாச்சிப் பக்கத்தில் தேங்காய், கொப்பரை விலை பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார். பயன்படுத்திய நாளுக்கு எப்படி நாள் கூட்டுவார்கள்? அவர்கள் செய்தது சரிதான். சரி என்று தெரிந்தும் எரிச்சல் போகவில்லை.

டிஜிட்டல் மட்டும் வைத்திருக்கும் தங்கைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நிறுத்துவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. தானாகப் பணம் எடுப்பதற்கு இருபத்திநாலு மணி நேரம் முன்னால் குறுஞ்செய்தி வரும், ரிசர்வ் வங்கி விதி. வேண்டாமென்றால் அதற்குள் ரத்து செய்யலாம்.

எல்லையில் இருப்பவனுக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. பொங்கலுக்கு கோவையில் அச்சகம் லீவு, மறுநாள் பேப்பர் இல்லை. திருவோணத்துக்கு மறுநாள் கோவையிலிருந்து பேப்பர் வரும், ஆனால் அன்றைக்கு மலையாளப் பத்திரிகை எதுவும் வராது. பத்துப் பன்னிரண்டு தமிழ்ப் பேப்பருக்காகப் பையன் சைக்கிளை எடுப்பானா? அடுத்த நாள் இரண்டையும் சேர்த்துப் போடுவான். இரண்டு மாநிலத்து லீவும் எங்களுக்கு உண்டு, எதுவும் சந்தாவில் கூடாது. அந்த நாட்களில் இ-பேப்பர்தான் கை கொடுக்கிறது.

மச்சினனிடம் டிஜிட்டல் மட்டும் வாங்கு என்று சொல்லிவிட்டேன். நான் ஜூன் 1 அன்றே இரண்டும் சேர்ந்ததைப் புதுப்பித்துவிட்டேன், இடைவெளியோடு. அப்பாவுக்குத் திண்ணையில் பேப்பர் விழும் சத்தம் கேட்க வேண்டும்.

அடுத்த மாதம் திருச்செந்தூருக்கு நாலு நாள் போகிறோம். ஏழு நாளாக்கினால் நிறுத்தம் கிடைக்கும் என்று அப்பாவிடம் சொன்னேன். "மூணு நாள் பேப்பருக்கு மூணு நாள் ரூம் வாடகையா?" என்றார்.